அந்தரத்தில் நில்

மகளுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்கப் போயிருந்தோம். மதுரையில் ஓர் அலுவலகம், எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான், வெயிலுக்குத் தண்ணீரெல்லாம் கொடுத்தார். என் சான்றிதழைப் பார்த்தார், மனைவியின் சான்றிதழைப் பார்த்தார், பிறகு பாப்பாவைப் பார்த்தார். "சரி, பாப்பா என்ன ஆளுக?" என்றார்.

மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த 'ஆளுக' புரியாமல் போகலாம். இங்கே சாதியைச் சாதி என்று கேட்பது அநாகரிகம். 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்டால் நாகரிகம். ஐந்து வயதுப் பிள்ளை ஓர் ஆளாவதற்கு முன்பே 'என்ன ஆளுக' என்று தெரிந்தாக வேண்டும். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு சாதிகளில் ஒன்று ஊர்க்கணக்கில் கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. எது எது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி வாசிப்பீர்கள், நான் உங்களை நம்பாததால் அல்ல, நானே அப்படித்தான் வாசிப்பேன் என்பதால் சொல்கிறேன்.

அன்று வேலை முடியவில்லை. இன்னும் சில காகிதங்கள் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று இரவுதான் பல வருடங்களுக்கு முன் பார்த்த ஓவிய வரிசை ஒன்றை மறுபடி திறந்து உட்கார்ந்தேன். 1763-ல் மெக்சிகோவில் மிகேல் கப்ரேரா வரைந்த 16 ஓவியங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களுக்குப் பிறந்த குழந்தை. மேலே ஒரு எண்ணும் ஒரு வரியும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்தது இன்னது. 'பாப்பா என்ன ஆளுக' என்ற கேள்விக்கு 16 பதில்கள்.

மெக்சிகோ அன்று ஸ்பெயினின் காலனி, பெயர் நியூ ஸ்பெயின். அங்கே ஸ்பானியர்கள், பழங்குடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என மூன்று தரப்பும் கலந்து பிறந்த பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களை வரிசையாக வரைந்து காட்டும் ஓவிய மரபுக்குக் காஸ்டா ஓவியம் என்று பெயர். 18-ம் நூற்றாண்டு முழுக்க இது பரபரப்பாக நடந்திருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகள் இன்று தெரியவந்திருக்கின்றன. நிறைய ஓவியங்கள் கப்பலேறி ஸ்பெயினுக்குப் போயின. அங்கே இருப்பவர்களுக்கு 'எங்க நாட்டுல இப்படியெல்லாம் ஜனங்க உண்டு' என்று காட்ட. சிலவற்றில் மனிதர்களோடு அந்த ஊர்ப் பழங்களும் உண்டு. லூயிஸ் தே மேனா 1750 வாக்கில் வரைந்த ஒன்றில் மேலே குவாதலூப்பே மாதா, நடுவில் குடும்பங்கள், கீழே பழங்கள். விளைச்சல் பட்டியல் மாதிரி.

கப்ரேராவின் முதல் ஓவியம் மிக அழகானது. துணிக்கடை முன்னால் ஒரு ஸ்பானியர், ஒரு பழங்குடிப் பெண், நடுவில் பெண் குழந்தை. அந்தப் பெண் உடுத்தியிருக்கும் துணியை வரைந்ததில் கப்ரேராவுக்கு இருந்த ஆசை அப்படியே தெரிகிறது. ஆனால் வரிசை எண் ஏற ஏற உடைகள் மட்டமாகிக்கொண்டே போகின்றன. கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது சட்டையில் கிழிசல். எண்ணைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்த்தே யார் மேலே யார் கீழே என்று சொல்லிவிடலாம். இது தற்செயல் இல்லை, இதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. இந்த வரிசையைப் பார்க்கும் எவருக்கும், குறிப்பாக என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு, இது ஒரு பின்னக் கணக்கு என்றுதான் முதலில் தோன்றும். நம் ஊர்ப் பழைய பின்னங்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஸ்பானியருக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்தது மெஸ்டிசோ. பழங்குடிப் பங்கு அரை. மெஸ்டிசோ மகள் ஸ்பானியரை மணந்து பெற்றது காஸ்டிசோ. பழங்குடிப் பங்கு கால். காஸ்டிசோ மகள் ஸ்பானியரை மணந்து பெற்றால்? அரைக்கால் பங்கு மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் கப்ரேராவின் மூன்றாவது வரி அந்தக் குழந்தையை ஸ்பானியர் என்று எழுதிவிடுகிறது. அரைக்கால் பூஜ்யமாகிவிட்டது. மூன்று தலைமுறையில் கணக்கு நேராகிவிட்டது.

இப்போது அடுத்த கிளை. ஸ்பானியருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்தது முலாட்டோ, அரை. முலாட்டோ மகளும் ஸ்பானியரும் பெற்றது மொரிஸ்கோ, கால். மொரிஸ்கோ மகளும் ஸ்பானியரும் பெற்றது அல்பினோ, அரைக்கால். முந்தைய கிளையில் இந்த இடத்தில் கதவு திறந்தது. இங்கே திறக்கவில்லை. மேலே போகிறோம். அல்பினோ மகளும் ஸ்பானியரும் பெற்ற குழந்தையின் பெயர் டோர்னா அட்ராஸ். ஆப்பிரிக்கப் பங்கு வீசம். பெயரின் அர்த்தம் 'பின்னுக்குத் திரும்பு'. பதினாறில் பதினைந்து பங்கு ஸ்பானியராக இருக்கும் குழந்தைக்கு வைத்த பெயர் பின்னுக்குத் திரும்பு! அதற்கும் அடுத்த தலைமுறையும் உண்டு. டோர்னா அட்ராஸ் மகளும் ஸ்பானியரும் பெற்றது டென்டே என் எல் அய்ரே. அரைவீசம். முப்பத்திரண்டில் முப்பத்தொரு பங்கு ஸ்பானியர். பெயரின் அர்த்தம், 'அந்தரத்தில் நில்'.

ஒரே விதி, ஒரே அப்பா, ஒரே பின்னம். ஒரு கிளை மூன்றாம் படியில் மாடிக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொன்று ஐந்தாம் படியிலும் அந்தரத்தில் நிற்கிறது. ஆக, இது பின்னக் கணக்கே இல்லை. கணக்கு மாதிரி வேஷம் போட்ட வேறு ஒன்று. விடை முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது, வழிமுறை பிறகு எழுதப்பட்டது. பரீட்சையில் விடையைப் பக்கத்துப் பையனிடம் பார்த்து எழுதிவிட்டு நடுவில் நாலு வரி நிரப்புவோமே, அது.

ஏன் இந்த வேறுபாடு? பழங்குடிகள் சட்டப்படி ராஜாவின் குடிகள், ஞானஸ்நானம் வாங்கிய 'தூய' புதுக் கிறிஸ்தவர்கள். அவர்களிடமிருந்து நிலமும் கிடைத்தது, வரியும் கிடைத்தது, ஆரம்பத்தில் பிரபு வீட்டுப் பெண்களும் கிடைத்தார்கள். கறுப்பின மக்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது அடிமைத்தனம். அடிமைத் தாயின் பிள்ளை அடிமை என்பது சட்டம். அந்தச் சட்டம் எந்த ஓவியத்திலும் எழுதப்படவில்லை. விலங்கு இல்லை, சவுக்கு இல்லை, ஏலம் இல்லை. அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்றால், ஆந்த்ரேஸ் தே இஸ்லாஸ் 1774-ல் வரைந்த வரிசையின் நான்காவது ஓவியத்தைப் பாருங்கள். சமையலறையில் கறுப்பினப் பெண் ஸ்பானியரின் முடியைப் பிடித்து அடிக்கப் போகிறாள், பிள்ளை நடுவில் நின்று இழுக்கிறது. மற்ற ஓவியங்களில் எல்லாம் அமைதியான குடும்பம், இந்த ஜோடி வரும்போது மட்டும் சண்டை. இது இஸ்லாஸிடம் மட்டும் இல்லை, பல வரிசைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நிஜத்தில் யார் யாரை அடித்தார்கள் என்பது தெரிந்த ஓவியர் அதைத் தலைகீழாக வரைகிறார். காஸ்டா ஓவியங்களை அழகியல் பொருளாக மட்டும் புகழ்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராத இடம் இது.

இணையத்தில் இந்த ஓவியங்கள் அடிக்கடி சுற்றும், கீழே ஒரு வரி போட்டு: 'ஸ்பானியர்கள் மனிதர்களை 16 பெட்டிகளில் அடைத்தார்கள்'. அதுவும் முழு உண்மை இல்லை. ஓநாய், கொயோட்டே, 'உன்னைப் புரியவில்லை' என்றெல்லாம் அர்த்தம் வரும் பெயர்கள் ஓவியங்களிலும் பட்டியல்களிலும்தான் பெரும்பாலும் வாழ்ந்தன. தேவாலயப் பதிவேடுகளில் பாதிரியார்கள் புழங்கியது ஐந்தாறு சொற்களைத்தான்: ஸ்பானியர், காஸ்டிசோ, மெஸ்டிசோ, இந்தியர், முலாட்டோ, நீக்ரோ. 'அந்தரத்தில் நில்' என்று யாரும் தெருவில் கூப்பிட்டு ஒருவன் திரும்பிப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயர் ஒரு கிண்டல். மேலே ஏற முயலும் ஆளைப் பார்த்து மேலே இருக்கிறவன் அடிக்கும் கிண்டல்.

நிஜ வேலை நடந்தது அந்த ஐந்தாறு சொற்களில். ஒவ்வொன்றுக்கும் விலை இருந்தது. பழங்குடிகள் ராஜாவுக்குத் தலைவரி கட்ட வேண்டும். சுதந்திரமான கறுப்பினத்தவரும் முலாட்டோக்களும் கட்ட வேண்டும். மெஸ்டிசோவும் காஸ்டிசோவும் கட்ட வேண்டாம். சரி, எல்லாரும் மெஸ்டிசோ என்று சொல்லிவிட்டால் ஆச்சே என்றால், அங்கே இன்னொரு முடிச்சு. மதவிசாரணைச் சபை பழங்குடிகளை விசாரிக்க முடியாது, மெஸ்டிசோக்களை விசாரிக்கலாம். வரிக்காரன் வரும்போது மெஸ்டிசோ, விசாரணைக்காரன் வரும்போது பழங்குடி என்று சொல்வது ஒருவனுக்கு லாபம். அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரே ஆள் ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரிலும் கல்யாணப் பதிவில் இன்னொரு பெயரிலும் இருப்பது பதிவேடுகளைத் தோண்டியவர்களுக்கு அலுத்துப்போன விஷயம். ஜோவன் ராப்பபோர்ட் 2014-ல் எழுதிய 'மறைந்துபோகும் மெஸ்டிசோ' என்ற ஆய்வு நூல் இன்றைய கொலம்பியா பகுதியை வைத்து இதைத்தான் காட்டுகிறது. மெஸ்டிசோ என்பது ஒரு கூட்டம் இல்லை, சில சமயங்களில் சிலர் போய் நின்றுவிட்டு வரும் இடம்.

அந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று பாதிரியார் எப்படி முடிவு செய்தார்? யாரும் வம்சாவளி மரம் கொண்டுவரவில்லை. ஆளைப் பார்த்தார். நிறம் பார்த்தார், ஆனால் நிறம் மட்டும் இல்லை. என்ன உடை, என்ன தொழில், யார் கூட வந்திருக்கிறான், சாட்சி யார், தெருவில் அவனை என்னவென்று நினைக்கிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஸ்பானிய மொழியில் ஒரு சொல் உண்டு: காலிதாத். 'தரம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. எங்கள் அப்பத்தாவிடம் இதற்குச் சரியான சொல் இருந்தது. அது புழக்கம். 'அவுங்க யாரு வீட்டுல புழங்குறவுங்க?' யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டு விசேஷத்தில் சாப்பிடலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பது புழக்கம். ரத்தத்தை யாரும் பார்த்ததில்லை, புழக்கத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். கப்ரேராவின் கிழிந்த சட்டையும் இதுதான். அவர் ரத்தத்தை வரைய முடியாது, துணியைத்தான் வரைய முடியும்.

புழக்கத்தை விலைக்கும் வாங்கலாம். 1795-ல் ஸ்பானிய அரசு ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டது. கலப்பினத்தவர் பணம் கட்டித் தங்கள் பிறப்பின் 'குறையை' நீக்கிக்கொள்ளலாம். பார்தோ, அதாவது கறுப்புக் கலப்புள்ளவர், 500 ரியால். கின்தெரோன், அதாவது வெள்ளைக்கு இன்னும் நெருங்கியவர், 800 ரியால். நெருங்க நெருங்க விலை குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? கூடியிருக்கிறது. மாடியின் கடைசிப் படிக்குத்தான் கட்டணம் அதிகம். கராகஸில் தியேகோ மெஹியாஸ் பெஹாரானோ என்ற பார்தோ 1796-ல் அப்படியொரு அரச சலுகையைப் பெற்றார். நகரசபையின் மேட்டுக்குடிகள் கொதித்தெழுந்தார்கள். அவருடைய மகன் பல்கலைக்கழகம் போக முயன்றபோது பல்கலைக்கழகம் கதவை மறித்தது. கையில் ராஜாவின் காகிதம் இருக்கிறது, ஊர் புழங்க மாட்டேன் என்கிறது. இதைப் படித்தபோது நான் கராகஸை மறந்துவிட்டேன். காகிதம் இருந்தும் பூட்டப்பட்ட கதவை நம் மாவட்டங்களில் பார்க்காதவர் யார்?

அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் இந்தப் பெயர்கள் நெகிழ்வானவை, மாறக்கூடியவை என்று அழுத்திச் சொல்கிறார்கள். சொல்வது சரி. ஆனால் அந்த 'நெகிழ்வு' என்ற சொல்லில் ஏதோ ஆறுதல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் மாறும், சரி. பேனா யார் கையில்? இறுகிய விதி இருந்தால் அதைக் காட்டியாவது சண்டை போடலாம். புழக்கம்தான் விதி என்றால், நீ ஒவ்வொரு வாசலிலும் உன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காஸ்டா என்ற சொல்லுக்கு வருவோம். ஐபீரிய மொழிகளில் அதற்கு இனம், வம்சம் என்று பொருள். போர்ச்சுக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து நம் சாதிக்கு வைத்தார்கள், அது ஆங்கிலத்தில் கேஸ்ட் ஆயிற்று. மெக்சிகோவில் அதே சொல்லுக்கு வேறு விதி. அங்கே 'காஸ்டாக்கள்' என்றால் கலந்து பிறந்தவர்கள். ஸ்பானியரும் பழங்குடியும் காஸ்டா இல்லை, நடுவில் பிறந்ததெல்லாம் காஸ்டா. ஒரே சொல், இங்கே கலக்கக் கூடாத கூட்டத்தின் பெயர், அங்கே கலந்துவிட்ட கூட்டத்தின் பெயர்.

கலந்து பிறந்தவர்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல் இந்தியாவிலும் ஒன்று இருந்தது, அதுவும் ஸ்பானியர்களுக்கு வெகுகாலம் முன்பே. மனுவின் நூலில் 10-ம் அத்தியாயம். அங்கேயும் அதே போலிக் கணக்கு. பிராமண அப்பா, சூத்திர அம்மா என்றால் பிள்ளை நிஷாதன். சூத்திர அப்பா, பிராமண அம்மா என்றால் பிள்ளை சண்டாளன், மனிதரில் கடைசி. கூட்டல் எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஒன்றுதானே? இங்கே இல்லை. ஆண் மேலிருந்து வந்தால் ஒரு விடை, பெண் மேலிருந்து வந்தால் இன்னொரு விடை. அதே அத்தியாயத்தில் ஏணியும் உண்டு. பிராமணருக்கும் சூத்திரப் பெண்ணுக்கும் பிறந்த வம்சம் தொடர்ந்து பிராமணரையே மணந்துகொண்டு போனால் ஏழாம் தலைமுறையில் மேலே ஏறலாம். மெக்சிகோவில் மூன்று, இங்கே ஏழு. நம்மாட்கள் எதிலும் கொஞ்சம் கண்டிப்பு.

காஸ்டா ஓவியங்களும் பெரும்பாலும் ஸ்பானிய ஆணில்தான் தொடங்குகின்றன. ஸ்பானியப் பெண் வேறு யாரையாவது மணப்பது அரிதாகத்தான் வருகிறது. எந்தப் பெண் யாருக்குப் பிள்ளை பெறுகிறாள் என்பதுதான் இரண்டு பட்டியல்களுக்கும் உண்மையான கவலை, மற்றதெல்லாம் அதற்கு மேல் வரைந்த அலங்காரம்.

இந்தக் காஸ்டா உலகமும் மதுரையும் நேரடியாக முட்டிக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே ராஜா. ஆக, 1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் மதுரைக்குள் நுழைந்தபோது, மெக்சிகோவை ஆண்ட அதே ராஜாதான் கோவாவையும் ஆண்டுகொண்டிருந்தார். கோவாவில் அதே மாதிரிச் சொற்கள் புழங்கின. போர்ச்சுகலிலிருந்து வந்தவன், இங்கே பிறந்த வெள்ளையன், காஸ்டிசோ, மெஸ்டிசோ. யாரை சபையில் சேர்க்கலாம் யாரைச் சேர்க்கக் கூடாது என்பதுவரை அந்தச் சொற்களில்தான் பேசினார்கள்.

மதுரையில் நொபிலிக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து மதுரையில் தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக இருந்தும் உள்ளூர்ச் சாதிக்காரர்கள் ஒருவரும் அவரிடம் சேரவில்லை. ஏன் என்று நொபிலி விசாரித்தார். விடை ஒரே சொல்லில் இருந்தது, பறங்கி.

பிராங்கியர் என்பது பாரசீகம் வழி வந்து தமிழில் பறங்கி ஆன கதை எல்லாருக்கும் தெரியும். நமக்கு அது பறங்கிக்காயில், பறங்கிப்பேட்டையில் மிச்சமிருக்கிறது. (பறங்கிக்காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஊர் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறது.) ஆனால் 1606-ல் மதுரைக்காரர் வாயில் பறங்கி என்றால் ஒரு தேசத்து மனிதன் இல்லை. மாட்டுக்கறி தின்கிறவன், குடிக்கிறவன், ஒழுங்காகக் குளிக்காதவன், யார் வீட்டிலும் சாப்பிடுகிறவன். போர்ச்சுக்கீசியன் பறங்கி. அவனுக்கும் இங்குள்ள பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை பறங்கி. ஞானஸ்நானம் வாங்கிய பரதவர், ஒரு துளிகூட ஐரோப்பிய ரத்தம் இல்லாதவர், அவரும் பறங்கி. கோவா வைத்திருந்த நுணுக்கமான படிநிலைகளை எல்லாம் மதுரை ஒரே சொல்லில் சுருட்டி எறிந்துவிட்டது. எங்களுக்கு உங்கள் ரத்தம் தேவையில்லை, உங்கள் புழக்கம் தெரியும்.

கொடுமை என்னவென்றால் பாதிரியார்களே இதற்கு உதவியிருக்கிறார்கள். கிறிஸ்தவனாக விருப்பமா என்ற கேள்வியைத் தமிழில் 'பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா' என்ற பொருளில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது மதத்தின் பெயர். கேட்கிறவருக்கு அது கீழே இறங்கும் படி.

நொபிலி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். நான் பறங்கி இல்லை என்று அறிவித்தார். அந்த நாட்டில் பிறக்கவில்லை, அந்தக் குலத்தோடு உறவில்லை, ரோமாபுரியின் ராஜவம்சத்தவன் என்றார். பெர்னாந்தஸின் வீட்டை விட்டு வெளியேறினார். காவி உடுத்தி, பாதக்குறடு போட்டு, ஒரு வேளை மரக்கறி உணவு, பிராமணச் சமையல். அதாவது அவர் தன் ரத்தத்துக்குச் சாட்சி கொண்டுவரவில்லை, புழக்கத்தை மாற்றினார். மெக்சிகோவில் ஸ்பானியன் உடை போட்டு ஸ்பானியர் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்ட காஸ்டிசோ செய்ததைத்தான் மதுரையில் ஓர் இத்தாலியப் பிரபு செய்தார். பெர்னாந்தஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு ரோம் வரை போய் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகரி பூணூல் முதலானவற்றை அனுமதித்தார்.

நொபிலியின் தமிழுக்கும் துணிச்சலுக்கும் உரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் பறங்கி என்ற சொல்லோடு சண்டை போடவில்லை. 'அது நான் இல்லை' என்றார், அவ்வளவுதான். பெர்னாந்தஸும் பரதவரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தார்கள். 1640-ல் இருந்து ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குப் பணிசெய்யப் பண்டாரசாமிகள் என்று தனிப் பாதிரியார்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒரே சபை, ஒரே சாமி, இரண்டு புழக்கம். ஒருவர் மேலே ஏறும்போது ஏணியும் கூடவே நீள்கிறது.

பறங்கிக்குப் பிறகு மதுரையில் இன்னொரு பெயர் வந்தது. என் அப்பத்தா ரயில்வே காலனி பக்கம் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர். அங்கிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை அவர் 'சட்டைக்காரவுக' என்பார். மரியாதையாகத்தான். எந்த வெள்ளைக்காரன் பாட்டன், எந்தத் தமிழச்சி பாட்டி என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. சட்டை போட்டிருக்கிறார்கள், சட்டைக்காரர்கள். கப்ரேரா 16 சட்டம் போட்டுக் காட்டியதை அப்பத்தா ஒரே சட்டையில் சொல்லிவிட்டார்.

அதே அப்பத்தா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. பாப்பா பிறந்து மூன்றாம் மாதம் வந்தார். மடியில் வாங்கிப் பார்த்தார். "நம்ம சாடைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வச்சு வளக்கப் போறீக?" என்று கேட்டார். அன்று எனக்கு அது சாதாரணக் கேள்வியாகப் பட்டது. அவர் கேட்டது புழக்கத்தை.

அரசாங்கமும் அதைத்தான் கேட்கிறது. 1975-ல் வந்த தமிழ்நாட்டு அரசாணைப்படி கலப்புமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா சாதியோ அம்மா சாதியோ, பெற்றோர் அறிவிப்பதன்படி கொடுக்கலாம், பிள்ளை எந்த வாழ்க்கைமுறையில் வளர்க்கப்படுகிறது என்பதை வைத்து. 2012-ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிற்று. அப்பா வேறு சாதி, அம்மா பழங்குடி. பிள்ளைக்கு அப்பா சாதி என்பது ஓர் அனுமானம்தான், முடிவு இல்லை. அம்மாவின் சமூகத்தில் வளர்ந்தான், அவர்கள் பட்ட அவமானத்தைத் தானும் பட்டான், அவர்கள் இவனைத் தங்களில் ஒருவனாக ஏற்றார்கள் என்று நிரூபித்தால் அம்மா சாதி கிடைக்கும் என்றது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் எழுதப்பட்ட நியாயமான வரிகளில் அதுவும் ஒன்று. கப்ரேரா வரையாமல் விட்ட அவமானம் அங்கே சாட்சியமாக ஏற்கப்படுகிறது. மெக்சிகோவில் பெயர் மேலே ஏறத் தேவைப்பட்டது. இங்கே கீழே தள்ளப்பட்டவர் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கப் பெயர் தேவைப்படுகிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஸ்பானியர்களிடம் கலப்புக்கு 16 பெயர்கள் இருந்தன, மனுவிடம் அதைவிட அதிகம். நம் படிவத்தில் ஒன்றுகூட இல்லை. கீழிறங்கு பட்டியலில் நூற்றுக்கணக்கான சாதிகள் வரிசையாக ஓடுகின்றன. இரண்டுக்கும் பிறந்த பிள்ளை இரண்டில் ஒன்றாகச் சுருங்கியாக வேண்டும், மிச்சப் பாதி கணக்கில் வராது. கப்ரேராவின் 16 ஓவியங்களில் ஆறாவது வெகுகாலம் காணாமல் போயிருந்து இப்போது லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் கிடைக்காத ஓவியம் மூன்றாவது. காஸ்டிசோ தாய்க்குப் பிறந்து 'ஸ்பானியர்' ஆகிவிட்ட குழந்தையின் ஓவியம்.

போன வாரம் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதே மனிதர். கேட்ட காகிதங்கள் எல்லாம் கொண்டுபோயிருந்தோம். அவர் உறுதிமொழித் தாளை எடுத்து நீட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், எந்தச் சமூகத்து வழக்கப்படி வளர்க்கிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்றார். மனைவி பேனாவை வாங்கினாள். பாப்பா வீட்டில் ரெண்டு அம்மாச்சியும் ரெண்டு தாத்தாவும் ரெண்டு விதமாகக் குழம்பு வைப்பதையும், அவள் ரெண்டையும் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதையும் ஒரு வரியில் எப்படி எழுதுவது என்று யோசித்தாளோ என்னவோ, எழுதாமல் வைத்திருந்தாள்.

"என்னம்மா, எழுதுங்க. பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றார் அவர்.